தொண்ணூறு நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது?

கேள்வி: கடலூரிலும் புதுச்சேரியிலுமாக எங்கள் குடும்பத்துக்கு 19 மருந்துக் கடைகள் இருக்கின்றன. எல்லாம் வாடகைக் கட்டடங்கள். கணக்கு பார்ப்பது நான்தான். ஒப்பந்தம் முடிவதற்கு 90 நாள் இருக்கும்போது வரிசை சிவப்பாக மாறும்படி எக்ஸெலில் ஒரு தாள் போட்டு வைத்திருந்தேன். லாரன்ஸ் சாலைக் கடையின் ஒப்பந்தம் 31.08.2025 அன்று முடிவதாக இருந்தது. சிவப்பு வந்த அன்றே, ஜூன் 2ஆம் தேதி, புதுப்பிக்கும்படி கடிதம் கொடுத்தோம். உரிமையாளர் "கெடு தாண்டிவிட்டது" என்று சொல்லி, வாடகையை ஏற்றித்தான் புதிய ஒப்பந்தம் போட்டார். இன்னொரு கடைக்கு நிறமே வரவில்லை, தற்செயலாகத்தான் கவனித்தோம். தாளில் என்ன தவறு? எப்படித் திருத்துவது?
— வாசகர் ஒருவர், மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் சூத்திரம் சொன்னதைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. அதற்குத் தவறான நாளைக் கொடுத்து எண்ணச் சொன்னதுதான் சிக்கல். வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு கடைசி நாட்கள் இருக்கின்றன. ஒன்று, ஒப்பந்தம் முடியும் நாள். மற்றொன்று, "புதுப்பித்துக்கொள்ள விரும்புகிறோம்" என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டிய கடைசி நாள். பணத்தைக் காப்பாற்றுவது இரண்டாவது நாள். பெரும்பாலான கடை ஒப்பந்தங்களில், பழைய நிபந்தனைகளின்படியோ குறிப்பிட்ட சதவீத உயர்வோடோ மேலும் சில ஆண்டுகள் நீடிக்கும் உரிமை வாடகைதாரருக்கு இருக்கும். ஆனால் அதே பத்தியில், "காலம் முடிவதற்குக் குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன்பு எழுத்து மூலம் தெரிவித்தால்" என்ற வரியும் இருக்கும். அந்த நாள் போய்விட்டால் உரிமையும் போய்விடும். அதன் பிறகு உரிமையாளர் இறங்கிவந்தால் அது அவர் மனம். உங்களுக்கு நடந்தது அதுதான்.

லாரன்ஸ் சாலைக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஆகஸ்ட் 31இலிருந்து மூன்று மாதம் பின்னால் போனால் மே 31 வரும். அதே ஆகஸ்ட் 31இலிருந்து 90 நாள் பின்னால் போனால் ஜூன் 2 வரும், ஏனென்றால் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்றும் சேர்ந்தால் 92 நாள். அதாவது உங்கள் சிவப்பு, கெடு முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. ஒப்பந்தம் மார்ச் 31இல் முடியும் கடையாக இருந்தால் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் சேர்ந்து 90 நாள்தான். அப்போது சிவப்பு டிசம்பர் 31 அன்று, கெடு முடியும் அதே நாளில் வந்து நிற்கும். எந்த மாதத்தில் முடிந்தாலும் இந்தத் தாள் உங்களுக்குப் போதிய அவகாசம் தந்திருக்காது.

எனவே முதல் திருத்தம் இது. 90 நாளை ஒப்பந்தம் முடியும் நாளிலிருந்து எண்ணாதீர்கள், கடிதம் போய்ச் சேர வேண்டிய கெடுவிலிருந்து எண்ணுங்கள். உங்கள் தொழிலில் இது அதிகப்படியான முன்னெச்சரிக்கை அல்ல. மருந்து விற்பனை உரிமம் குறிப்பிட்ட இடத்துக்குத்தான் வழங்கப்படுகிறது. கடையை அடுத்த தெருவுக்கு மாற்றினாலும் புது இடத்துக்குப் புது உரிமம் வாங்க வேண்டும். இருப்பதா, மாறுவதா என்று குடும்பத்தில் பேசி முடிவெடுக்கவும், அந்தத் தெருவில் இப்போது என்ன வாடகை போகிறது என்று விசாரிக்கவும், மாற்று இடம் கண்ணில் படுகிறதா என்று பார்க்கவும் கெடுவுக்கு முன்பே அந்த மூன்று மாதம் தேவைப்படும். மாற்று இடம் ஒன்று கையில் இருக்கும்போது உரிமையாளரிடம் பேசும் பேச்சே வேறு.

இனி தாளுக்கு வருகிறேன். தாளுக்குப் 'பதிவேடு' என்று பெயர் வையுங்கள். ஒரு கடைக்கு ஒரு வரிசை. A நெடுவரிசையில் இடம், B இல் தமிழ்நாடா புதுச்சேரியா என்பது, C இல் உரிமையாளர், D இல் தொடக்க நாள், E இல் மொத்த மாதங்கள், F இல் முடியும் நாள், G இல் முன்னறிவிப்பின் அளவு, H இல் அந்த அளவு மாதமா நாளா என்பது, I இல் கெடு, J இல் கடிதம் உரிமையாளர் கையில் சேர்ந்த நாள், K இல் புதிய ஒப்பந்தம் பதிவான நாள், L இல் நிலை. N1 கட்டத்தில் மட்டும் `=TODAY()` என்று போடுங்கள். மற்ற எல்லாச் சூத்திரங்களும் அந்த ஒரே கட்டத்தைப் பார்க்கட்டும். அதன் பயனைக் கடைசியில் சொல்கிறேன்.

F நெடுவரிசையைச் சூத்திரத்தால் நிரப்பாதீர்கள். ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் எழுதியிருக்கும் தேதியைத் தட்டச்சு செய்யுங்கள். பிறகு M நெடுவரிசையில் இந்தச் சோதனையை வையுங்கள்:

```
=IF(EDATE(D2,E2)-1=F2,"","பார்")
```

லாரன்ஸ் சாலைக் கடை 01.09.2022இல் தொடங்கி 36 மாதம் என்றால், EDATE 01.09.2025 என்று கொடுக்கும். ஒன்றைக் கழித்தால் 31.08.2025. ஒப்பந்தத்தில் இருப்பதும் அதுவே என்பதால் கட்டம் காலியாக இருக்கும். "பார்" என்று வந்தால் அந்த ஒப்பந்தத்தை மறுபடி படிக்க வேண்டும். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். கையெழுத்தானது ஒரு நாள், அலமாரி வேலைக்காக வாடகை இல்லாமல் சில வாரம் விட்டு வாடகை தொடங்கியது வேறொரு நாள். ஆகஸ்ட் 10 அன்று கையெழுத்தாகி செப்டம்பர் 1 முதல் வாடகை என்றால், 36 மாதம் எதிலிருந்து என்பதைப் பொறுத்து முடியும் நாள் ஆகஸ்ட் 9 ஆகவும் இருக்கலாம், ஆகஸ்ட் 31 ஆகவும் இருக்கலாம். அந்த 22 நாள் வித்தியாசம் கெடுவிலும் அப்படியே வரும். எதிலிருந்து எண்ணுவது என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இல்லாவிட்டால் முன்னால் வரும் தேதியையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கெடுவுக்கான சூத்திரம் இது:

```
=WORKDAY(IF(H2="மாதம்",EDATE(F2,-G2),F2-G2),-1)
```

மாதத்தையும் நாளையும் இது பிரித்துப் பார்க்கிறது. ஒப்பந்தத்தில் "மூன்று மாதம்" என்று இருந்தால் G இல் 3, H இல் மாதம். "90 நாள்" என்று இருந்தால் G இல் 90, H இல் நாள். இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்ததால் வந்த வினையைத்தான் மேலே பார்த்தோம். வெளியில் இருக்கும் WORKDAY, கிடைத்த தேதிக்கு முந்திய வேலை நாளுக்குப் பின்வாங்குகிறது. 31.05.2025 சனிக்கிழமை. சூத்திரம் 30.05.2025, வெள்ளிக்கிழமை என்று காட்டும். தேதி வார நாளில் விழுந்தாலும் ஒரு நாள் முன்னதாகத்தான் காட்டும். "குறைந்தது மூன்று மாதத்துக்கு முன்" என்பதில் அந்த நாளும் சேருமா சேராதா என்ற வாக்குவாதமே வராமல் இருக்க அப்படி வைத்திருக்கிறேன்.

WORKDAY சனி, ஞாயிறை மட்டும்தான் தானாக விலக்கும். அரசு விடுமுறைகளையும் விலக்க வேண்டுமென்றால், தேதிகளை வேறொரு தாளில் எழுதி, அந்தப் பட்டியலை மூன்றாவது உறுப்பாகக் கொடுக்க வேண்டும். உங்களைப் போல எல்லையின் இரு பக்கமும் கடை வைத்திருப்பவர்களுக்குப் பட்டியலும் இரண்டு வேண்டும். ஆகஸ்ட் 16உம் நவம்பர் 1உம் புதுச்சேரியில் விடுமுறை, கடலூரில் வேலை நாள்.

முன்னறிவிப்பு விதியே இல்லாத ஒப்பந்தங்களும் உங்களிடம் இருக்கும். முக்கியமாகப் பதினோரு மாத ஒப்பந்தங்கள். அங்கே G ஐக் காலியாக விட்டால் கெடு, ஒப்பந்தம் முடியும் நாளுக்கு ஒட்டி வந்து உட்கார்ந்துகொள்ளும். நீங்களே 2 அல்லது 3 மாதம் என்று போட்டு, அந்தக் கட்டத்தில் "நாங்கள் வைத்தது" என்று ஒரு குறிப்பைச் சேர்த்துவிடுங்கள். ஒப்பந்தம் வைத்த கெடுவும் நீங்கள் வைத்த கெடுவும் பின்னாளில் குழம்பக் கூடாது.

இப்போது நிறம். நிறத்தை நேராகத் தேதியோடு கட்டாதீர்கள். முதலில் நிலையைச் சொல்லாக எழுதச் செய்யுங்கள், நிறம் அந்தச் சொல்லைப் பார்த்து வரட்டும். இதற்குக் காரணம் இருக்கிறது. நிறத்தை COUNTIF எண்ணாது, சொல்லை எண்ணும். கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தால் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகத் தெரியும், சொல் அப்படியே இருக்கும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண்ணுள்ளவர் அலுவலகத்தில் ஒருவராவது இருக்கக்கூடும், அவருக்கும் சொல்தான் உதவும். L2 இல் இது:

```
=IF(COUNT(F2,I2)<2,"தேதி தவறு",
 IF(ISNUMBER(K2),"முடித்தது",
 IF(F2<$N$1,"காலம் முடிந்தது",
 IF(AND(ISNUMBER(J2),J2<=I2),"கடிதம் சேர்ந்தது",
 IF(I2<$N$1,"கெடு கடந்தது",
 IF(I2-$N$1<=30,"அவசரம்",
 IF(I2-$N$1<=90,"தயாராகு","பின்னர்")))))))
```

மேலிருந்து கீழாகப் படியுங்கள். முதலில் பொருந்தும் வரியோடு சூத்திரம் நின்றுவிடும், ஆகவே இந்த வரிசையை மாற்றக் கூடாது. நான்காவது வரியை மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும். J இல் "அனுப்பிவிட்டோம்" என்று யாராவது எழுதினால் இந்தச் சூத்திரம் ஏற்காது, தேதிதான் வேண்டும் என்கிறது. அந்தத் தேதியும் கெடுவுக்குள் இருக்க வேண்டும். ஜூன் 2ஆம் தேதி கொடுத்த கடிதத்தை J இல் எழுதினால் நிலை பச்சைக்கு மாறாது, "கெடு கடந்தது" என்றே நிற்கும். J இல் எழுத வேண்டியது தபாலில் போட்ட நாளை அல்ல, ஒப்புகைச் சீட்டில் உரிமையாளர் கையெழுத்திட்ட நாளை. நேரில் கொடுத்தால் நகலில் அவர் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை இந்தக் கட்டத்தில் எழுத வேண்டாம். "எழுத்து மூலம், இந்த முகவரிக்கு" என்று ஒப்பந்தம் சொல்லியிருந்தால், அதில் சொன்ன வழியில் அனுப்பிய கடிதத்தைத்தான் தகராறின்போது தயங்காமல் எடுத்துக் காட்ட முடியும்.

K நெடுவரிசையிலும் கையெழுத்தான நாளை எழுதாமல் பதிவான நாளை எழுதச் சொல்வதற்குக் காரணம், 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். ஓராண்டுக்கு மேற்பட்ட கால ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும், கையெழுத்தான நாளிலிருந்து 4 மாதத்துக்குள் பத்திரத்தைச் சார்பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். கையெழுத்தானதும் வரிசை சாம்பலாகிவிட்டால், பதிவை யாரும் நினைக்க மாட்டார்கள். பத்திரம் இழுப்பறையிலேயே கிடக்கும்.

B நெடுவரிசையும் அலங்காரத்துக்கு அல்ல. கடலூர்க் கடைகளுக்கு 22.02.2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் பொருந்தும். அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடமும் பதிவு செய்ய வேண்டும். பதினோரு மாத ஒப்பந்தம் என்பதால் இதிலிருந்து தப்ப முடியாது. கன்னியக்கோயிலைத் தாண்டிவிட்டால் புதுச்சேரியின் 1969ஆம் ஆண்டுக் கட்டட வாடகைச் சட்டம் வேறு, முத்திரைத்தாள் வேறு, அலுவலகம் வேறு. ஒரே மாதிரிப் படிவத்தை இரண்டு பக்கமும் அனுப்பாமலிருக்க, B ஐ வைத்து வரிசைகளைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறம் போடும் முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். A2 முதல் L20 வரை தேர்ந்தெடுத்து, `Conditional Formatting` இல் `New Rule`, அதில் `Use a formula to determine which cells to format`. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விதி:

```
=$L2="அவசரம்"
```

L க்கு முன் டாலர் குறி இருக்க வேண்டும், 2 க்கு முன் இருக்கக் கூடாது. நெடுவரிசை நகராமல், வரிசை மட்டும் நகர வேண்டும் என்பதற்காக. தேர்ந்தெடுத்த பகுதி 2ஆம் வரிசையில் தொடங்கி, விதியில் `$L1` என்று இருந்துவிட்டால், எல்லா நிறமும் ஒரு வரிசை தள்ளி விழும். வில்லியனூர்க் கடைக்கு வர வேண்டிய சிவப்பு, அடுத்த வரிசையிலிருக்கும் நெல்லிக்குப்பம் கடையில் நிற்கும். பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரியும். சொல்லும் நிறமும் பொருந்துகின்றனவா என்று பார்த்தால்தான் பிடிபடும். சொற்களை விதியில் புதிதாகத் தட்டச்சு செய்யாமல், சூத்திரத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். கடைசியில் ஓர் இடைவெளி கூடிவிட்டாலும் நிறம் வராது.

என் பரிந்துரை: "தயாராகு" மஞ்சள், "அவசரம்" ஆரஞ்சு, "கெடு கடந்தது" சிவப்பு, "கடிதம் சேர்ந்தது" பச்சை, "முடித்தது" வெளிர் சாம்பல், "காலம் முடிந்தது" கருஞ்சிவப்பு, "தேதி தவறு" ஊதா. "பின்னர்" என்பதற்கு நிறமே வேண்டாம். காலம் நிறைய இருக்கும் வரிசைக்கெல்லாம் பச்சை அடிப்பது பரவலான வழக்கம். அது வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். வேலை முடிந்ததும் பச்சை, வேலை தொடங்காததும் பச்சை என்றால், பச்சையைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. தாளில் முக்கால்வாசி வெள்ளையாக இருந்தால்தான் மூன்று நான்கு வண்ண வரிசைகள் கண்ணில் படும்.

நிறமே வராத அந்த இன்னொரு கடைக்கு வருகிறேன். நீங்கள் கடிதத்தில் எழுதியிருக்கும் "31.08.2025" என்ற வடிவத்தைப் பார்த்ததும் காரணம் பெரும்பாலும் அதுதான் என்று தோன்றியது. நம் பக்கத்தில் பத்திரங்களிலும் ரசீதுகளிலும் தேதியைப் புள்ளி வைத்துத்தான் எழுதுகிறோம். இந்திய அமைப்பிலோ அமெரிக்க அமைப்பிலோ உள்ள எக்ஸெல், புள்ளி வைத்த தேதியைத் தேதியாக எடுத்துக்கொள்வதில்லை. அது வெறும் எழுத்தாகக் கட்டத்தில் உட்கார்ந்துவிடும். எழுத்திலிருந்து இன்றைய தேதியைக் கழிக்கச் சொன்னால் `#VALUE!` என்ற பிழை வரும். நிற விதிக்குள் பிழை வந்தால் எக்ஸெல் அதைப் "பொருந்தவில்லை" என்றே எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் நிறத்தை விட்டுவிடும். கட்டம் காலியாக இருந்தால் நேர்மாறு. காலியைப் பூஜ்யமாக எண்ணி, என்றைக்கோ முடிந்துபோன ஒப்பந்தமாகச் சிவப்படித்துவிடும். தேதி இல்லாதது கத்துகிறது, தவறான தேதி வாய் திறப்பதில்லை. அதனால்தான் நிலைச் சூத்திரத்தின் முதல் வரியில் COUNT வைத்தேன். தேதி எண்ணாக இல்லாத வரிசை ஊதா நிறத்தில் எழுந்து நிற்கும்.

கண்ணால் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. நீங்களாக ஒழுங்கமைக்காத கட்டத்தில் உண்மையான தேதி வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். ஏற்கெனவே புள்ளி வைத்து எழுதியவற்றைத் திருத்த, ஒரு நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, `Data` பட்டியலில் `Text to Columns` எடுத்து, மூன்றாவது படியில் `Date` என்பதையும் அருகில் `DMY` என்பதையும் தேர்ந்தெடுத்து முடியுங்கள். D, F, J, K நான்குக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஜூன் 31 போல இல்லாத தேதியை யாராவது எழுதியிருந்தால் அது மட்டும் எழுத்தாகவே மிஞ்சும், அதை ஒப்பந்தம் பார்த்துத் திருத்துங்கள்.

இதைவிட ஆபத்தான தவறு ஒன்று இருக்கிறது. சாய்கோடு போட்டு 05/08/2026 என்று எழுதுகிறீர்கள். அந்தக் கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் அதை மே 8 என்று எடுத்துக்கொள்ளும். அதுவும் உண்மையான தேதிதான் என்பதால் COUNT சோதனையில் மாட்டாது, மூன்று மாதம் பிசகிப்போயிருக்கும். 12க்கு மேற்பட்ட நாளுள்ள தேதிகள் எழுத்தாக நின்று காட்டிக்கொடுக்கும், 12க்கு உட்பட்டவை காட்டிக்கொடுக்காது. எல்லாத் தேதி நெடுவரிசைகளின் வடிவத்தையும் `dd-mmm-yyyy` என்று மாற்றிவிடுங்கள். மாதம் எழுத்தில் தெரியும்போது, ஆகஸ்ட் இருக்க வேண்டிய இடத்தில் மே இருந்தால் பத்திரத்தோடு ஒப்பிடும் எவர் கண்ணுக்கும் உடனே தெரியும். M நெடுவரிசைச் சோதனையும் இந்த இடத்தில் கைகொடுக்கும், தொடக்க நாளும் முடியும் நாளும் ஒரே மாதிரி புரண்டிருக்க வாய்ப்பு குறைவு. இனிமேல் தட்டச்சு செய்வதற்கு `Data Validation` இல் தேதி மட்டும் என்று கட்டுப்பாடு வைக்கலாம். ஆனால் வேறு இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினால் அந்தக் கட்டுப்பாடு பார்க்காது என்பதை நினைவில் வையுங்கள்.

முதலாளி பார்ப்பதற்கென்று முகப்பில் ஒரு சிறிய பட்டியல் போதும். ஒவ்வொரு நிலைச் சொல்லுக்கும் எதிரே `=COUNTIF('பதிவேடு'!L2:L20,"அவசரம்")` என்பது போல ஓர் எண். எட்டு எண்களையும் கூட்டி, கீழே `=COUNTA('பதிவேடு'!A2:A20)` கொடுக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். உங்களுக்கு இரண்டும் 19 ஆக இருக்க வேண்டும். 18 என்று வந்தால் ஏதோ ஒரு வரிசையில் சூத்திரத்தின் மேல் யாரோ கையால் எழுதிவிட்டார்கள். வரிசை கூடினால் 20 என்ற எண்ணை எல்லா இடத்திலும் நீட்ட வேண்டும், நிற விதிகளிலும் சேர்த்து. ஒரு கடையின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டதும் பழைய வரிசையின் தேதிகளை அழித்துப் புதியதை எழுத வேண்டாம். பழையது "முடித்தது" என்று இருக்கட்டும், புதிய ஒப்பந்தத்துக்குப் புதிய வரிசை போடுங்கள். அடுத்த முறை வாடகை பேசும்போது பழைய வரிசை தேவைப்படும்.

தாள் தானாக உங்களைக் கூப்பிடாது. கோப்பைத் திறந்தால்தான் TODAY நகரும், நிறம் மாறும். திங்கட்கிழமை காலை ஒருவர் திறந்து பார்ப்பது என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். அவர் விடுப்பில் இருந்தால் யார் என்பதையும் சேர்த்து. கூடவே, I நெடுவரிசையில் உள்ள 19 கெடுக்களையும் உங்கள் கைப்பேசி நாட்காட்டியில் ஒரு மாதம் முன்னதாக ஏற்றி வைத்துவிடுங்கள். தாளைப் படமாகவோ பிடிஎஃபாகவோ வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அன்றைய நிறம்தான் அதில் உறைந்திருக்கும். மூன்று வாரம் கழித்து அதே படத்தைப் பார்த்து "இன்னும் மஞ்சள்தானே" என்று யாரும் சொல்லாமலிருக்க, N1 கட்டமும் படத்தில் விழும்படி எடுங்கள்.

எல்லாம் போட்டு முடித்ததும் கோப்பின் ஒரு நகலில் சோதித்துப் பாருங்கள். N1 ஐத் தனியாக வைத்ததன் பயன் இங்கேதான். அதில் இருக்கும் `=TODAY()` ஐ அழித்துவிட்டு நேரடியாகத் தேதிகளைத் தட்டச்சு செய்து, லாரன்ஸ் சாலையின் பழைய ஒப்பந்த வரிசையைக் கவனியுங்கள். G இல் 3, H இல் மாதம், J உம் K உம் காலியாக இருக்கட்டும். 28.02.2025க்கு "பின்னர்" என்று வர வேண்டும். 01.03.2025க்கு "தயாராகு". 30.04.2025க்கு "அவசரம்". 31.05.2025க்கு "கெடு கடந்தது". 01.09.2025க்கு "காலம் முடிந்தது". பிறகு N1 இல் 03.06.2025 வைத்து, J இல் 02.06.2025 எழுதினால் சிவப்பு அப்படியே நிற்க வேண்டும், 29.05.2025 எழுதினால் பச்சையாக வேண்டும். தேதிகளை நான் இங்கே புள்ளி வைத்து எழுதியிருக்கிறேன், நீங்கள் கட்டத்தில் இடைக்கோடு வைத்து, மாதத்தை எழுத்தில் `28-Feb-2025` என்பது போலத் தட்டச்சு செய்யுங்கள். ஏழும் சரியாக வந்தால் N1 இல் `=TODAY()` ஐத் திரும்ப வைத்துவிட்டு, மற்ற பதினெட்டு ஒப்பந்தங்களிலும் முன்னறிவிப்புப் பத்தியைத் தேடிப் படித்து G, H இரண்டையும் நிரப்பத் தொடங்குங்கள்.